புகைபோக்கியில் 180 டிகிரி, குழாயில் அமிலம்

10 பார் அழுத்தத்தில் நீராவி தரும் பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர், ஏறக்குறைய 184 டிகிரி செல்சியஸில் கொதித்துக்கொண்டிருக்கும். பர்னரிலிருந்து கிளம்பும் புகைவாயு வழியெல்லாம் அந்தத் தண்ணீருக்கு வெப்பத்தைக் கொடுத்துக் குளிர்ந்துகொண்டே வந்தாலும், 184-க்குக் கீழே இறங்க முடியாது. தன்னைவிடச் சூடான தண்ணீருக்கு வாயு எப்படி வெப்பம் கொடுக்கும்? அந்த எல்லையை நெருங்க நெருங்க வெப்பம் கைமாறும் வேகமும் சுருங்கிவிடுவதால், நடைமுறையில் புகை 240 டிகிரி வாக்கிலேயே பாய்லரை விட்டு வெளியேறிவிடுகிறது.

மிச்ச வெப்பத்தைப் பிடிக்க வேண்டுமானால், புகையின் வழியில் இன்னும் குளிர்ந்த ஒன்றை வைக்க வேண்டும். ஆலையில் அப்படிப்பட்டவை இரண்டு உண்டு: பாய்லருக்குள் போகக் காத்திருக்கும் ஃபீட் வாட்டர், பர்னருக்குப் போகும் காற்று. ஃபீட் வாட்டரைக் குழாய்களில் ஓடவிட்டுப் புகையால் சூடாக்கும் கருவி எகனாமைசர். இங்கிலாந்தின் வேக்ஃபீல்டைச் சேர்ந்த எட்வர்ட் கிரீன் 1845-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். காற்றைச் சூடாக்குவது ஏர் ப்ரீஹீட்டர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 5 டன் நீராவி தரும் பாய்லர். எரிபொருள் ஃபர்னஸ் ஆயில். ஃபீட் வாட்டர் 60 டிகிரியில் வருகிறது. இதற்கு மணிக்குச் சுமார் 350 கிலோ எண்ணெய் வேண்டும். அது எரிந்து 6,000 கிலோவுக்குச் சற்று அதிகமான புகைவாயுவைத் தரும். எகனாமைசர் வைத்துப் புகையை 240-இலிருந்து 180-க்கு இறக்கினால், கிடைக்கும் வெப்பம் அந்த 5 டன் தண்ணீரை 60-இலிருந்து 79 டிகிரி வரை கொண்டுபோகும். எரிபொருளில் மிச்சம் ஏறக்குறைய 3 சதவீதம். அதாவது மணிக்குப் பத்துக் கிலோ எண்ணெய். புகை 22 டிகிரி குளிர்ந்தால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம் என்று பாய்லர்காரர்கள் மனக்கணக்காகச் சொல்வதும் இதையொட்டியே வருகிறது.

அப்படியானால் 180-இல் ஏன் நிற்க வேண்டும், 100 வரை இறக்கினால் மிச்சம் இரட்டிப்பாகுமே என்று யாருக்கும் தோன்றும். தடுப்பது கந்தகம்.

ஃபர்னஸ் ஆயிலில் 3 முதல் 4 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். எரியும்போது அதில் பெரும்பகுதி சல்ஃபர் டைஆக்ஸைடாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். அதில் மிகச் சிறு பங்கு மட்டும் இன்னொரு ஆக்ஸிஜன் அணுவைப் பற்றிக்கொண்டு சல்ஃபர் ட்ரைஆக்ஸைடு ஆகிறது. எண்ணெய்ச் சாம்பலில் இருக்கும் வனேடியம் இந்த வேலையைத் தூண்டிவிடுகிறது. புகையில் பத்து லட்சத்தில் 20 பங்கு அது இருந்தாலே போதும். நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகி, 145 டிகிரி வாக்கிலேயே துளிகளாகப் படியத் தொடங்கிவிடும். தண்ணீர் மட்டும் என்றால் இதே புகையில் 50 டிகிரிக்கு வந்த பிறகுதான் படியும். அந்த 145-ஐத்தான் அமிலப் பனிநிலை என்கிறோம்.

நம் பாய்லரில் புகை 180-இல் வெளியேறுகிறது, பனிநிலை 145, அதனால் 35 டிகிரி பாதுகாப்பு இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். குழாய்கள் பறிபோவது இந்த எண்ணத்தால்தான். கோடைக்கால மதியத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறது; அறையின் காற்று அப்போதும் சூடாகத்தான் இருக்கிறது. எங்கே படிவது என்பதைத் தீர்மானிப்பது பரப்பின் வெப்பநிலை. எகனாமைசர் குழாயின் உட்புறத்தில் தண்ணீர் ஓடுகிறது. வாயு கொடுக்கும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அதனால் குழாயின் இரும்பு எப்போதும் தண்ணீர் பக்கமே சாய்ந்திருக்கும். 60 டிகிரித் தண்ணீர் நுழையும் முதல் வரிசைக் குழாய் மிஞ்சிப்போனால் 70 டிகிரியில் இருக்கும். புகைபோக்கியின் வெப்பமானி 180 காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழாயின்மீது அமிலம் வழிந்துகொண்டிருக்கும். அரிப்பு மிகுவதும் சரியாகப் பனிநிலையில் அல்ல, அதற்கு 20 முதல் 40 டிகிரி கீழே. அங்கேதான் அமிலம் நிறையப் படிகிறது. பிறகு சற்றுத் தணிந்து, தண்ணீரும் படியத் தொடங்கும் அளவுக்கு இரும்பு குளிர்ந்தால் மறுபடி மூர்க்கமாகும்.

இதற்கு மருந்து புகையைச் சூடாக வைப்பதில் இல்லை, உள்ளே வரும் தண்ணீரைச் சூடாக்குவதில் இருக்கிறது. வெளியேறும் தண்ணீரையே கொஞ்சம் திருப்பி நுழைவாயிலில் கலந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நம் கணக்கில் அது 79-ஐத் தாண்டாது, ஆகவே உதவாது. டி-ஏரேட்டரில் நீராவி செலுத்தினால் தண்ணீர் 105 டிகிரிக்கு வரும். கந்தகம் குறைந்த எரிபொருளுக்கு அது பெரும்பாலும் போதும். ஃபர்னஸ் ஆயிலுக்கு 140 அளவு வேண்டும் என்பதால், பாய்லரின் நீராவியில் சிறிது எடுத்து ஒரு வெப்பமாற்றி வழியே ஃபீட் வாட்டரைச் சூடாக்குகிறார்கள். அந்த வெப்பம் தண்ணீரோடு திரும்பப் பாய்லருக்கே போய்விடுவதால் நஷ்டமில்லை. ஆனால் புகைக்கும் தண்ணீருக்கும் இடைவெளி சுருங்கிவிடுவதால், அதே 3 சதவீதத்தைப் பிடிக்கக் குழாய்ப் பரப்பைக் கூட்ட வேண்டியிருக்கும். உண்மையான செலவு அதுதான்.

அனல்மின் நிலையத்தில் கதை வேறு. அங்கே டர்பைனிலிருந்து எடுத்த நீராவியால் ஃபீட் வாட்டர் முன்கூட்டியே 240 டிகிரியை எட்டிவிடுகிறது. எகனாமைசர் குழாய்க்கு அமில பயமே இல்லை, ஆனால் புகையும் 350 டிகிரி வாக்கில்தான் வெளியே வரும். மீதியைக் காற்றிடம் கொடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் மெல்லிய தகடுகள் அடுக்கிய பெரிய உருளை ஒன்று மெதுவாகச் சுழன்று, புகையில் சூடேறிக் காற்றில் குளிர்கிறது. சுவீடனின் ஃபிரெட்ரிக் யுங்ஸ்ட்ரோம் உருவாக்கிய வடிவம் இது. ராணிப்பேட்டை பெல் ஆலையில் இந்த வகை ஏர் ப்ரீஹீட்டர்கள் தயாராகின்றன. புகையை 350-இலிருந்து 135-க்கு இறக்கும் இந்த ஒரு கருவி, எரிபொருளில் பத்து சதவீதம் அளவுக்கு மிச்சப்படுத்துகிறது.

இங்கே இரு பக்கமும் வாயு என்பதால் தகட்டின் வெப்பநிலை ஏறக்குறைய நடுவில் நிற்கும். உள்ளே வரும் காற்று 35, வெளியேறும் புகை 135 என்றால் குளிர்முனைத் தகடு 85. இந்திய நிலக்கரியில் பொதுவாகக் கந்தகம் குறைவு, சாம்பலும் அமிலத்தில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் தாக்குப்பிடிக்கிறது. இருந்தாலும் குளிர்முனை அடுக்கை மட்டும் தனியே கழற்றி மாற்றும்படி அமைத்து, பல இடங்களில் தகடுகளுக்கு எனாமல் பூசுகிறார்கள்.

தகடு அரித்து ஓட்டை விழுந்தால், அழுத்தம் கூடிய காற்று புகைப் பக்கம் கசியும். அப்போது புகைபோக்கி வெப்பநிலை இறங்குவதைப் பார்த்து, வெப்பம் நன்றாகப் பிடிபடுகிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. குளிர்ந்த காற்று கலந்ததால் வந்த இறக்கம் அது. ப்ரீஹீட்டருக்கு முன்னும் பின்னும் புகையில் ஆக்ஸிஜனை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். பின்னால் அளவு கூடியிருந்தால் கசிவு. புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேன் எடுக்கும் மின்சாரமும் ஏறியிருக்கும்.

கந்தகம் இல்லாத இயற்கை எரிவாயுவில் அமிலத் தடை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகில் எகனாமைசர் செய்து, புகையிலுள்ள நீராவியே தண்ணீராகப் படியும் 55 டிகிரிக்குக் கீழேயும் இறங்கலாம். அந்த ஆலையே எரிவாயு தடைபட்ட நாளில் ஃபர்னஸ் ஆயிலுக்கு மாறினால், புகை எகனாமைசரைத் தொடாமல் சுற்றிப்போக பைபாஸ் டேம்பர் ஒன்று கட்டாயம் வேண்டும். பர்னரை மாற்றுவதற்கு முன்பே அதைத் திறந்துவிட வேண்டும்.