மட்டையில் கை வலிக்காத இடம்

பந்து மோதியதும் கிரிக்கெட் மட்டை பின்னால் தள்ளப்படுகிறது. கூடவே நிறை மையத்தைச் சுற்றிச் சுழலவும் செய்கிறது. நிறை மையத்துக்குக் கீழே அடி விழுந்தால், அந்தச் சுழற்சி கைப்பிடியை முன்னால் கொண்டுவரும். ஓரிடத்தில் பட்டால் மட்டும் இரண்டும் சமமாகி, பிடித்த இடம் அசையாது. அதுவே தாக்கு மையம். அதற்கு மேலே பட்டால் கைப்பிடி உள்ளங்கையில் இடிக்கும். நுனியில் பட்டால் விரல்களை வெடுக்கென்று இழுக்கும்.

அதைக் கண்டுபிடிக்க, பிடிக்கும் இடத்தில் மட்டையைத் தொங்கவிட்டு லேசாக ஆட்டுங்கள். அருகே நூலில் கட்டிய கல்லும் அதே வேகத்தில் ஆடும்வரை நூலின் நீளத்தை மாற்றுங்கள். 10 ஆட்டத்துக்கு 15 விநாடி ஆனால், நூல் சுமார் 56 செ.மீ. இருக்கும். பிடியிலிருந்து அதே தூரத்தில் தாக்கு மையம் இருக்கிறது. மட்டையின் அதிர்வாலும் கை சுரீரென்னும். அது அடங்கும் இடம் சற்றுத் தள்ளி இருக்கலாம்.