தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இலவச அலைவரிசைகள்: சந்தாவோடு ஒப்பிட்டால் மிச்சம் எவ்வளவு?

அண்மைக் காலத்தில் ஸ்மார்ட் தொலைக்காட்சி வாங்கியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். டி.டி.எச். இணைப்புக் கொடுக்காமலும் எந்தச் செயலியிலும் பணம் கட்டாமலும் இருக்கும்போதே, பெட்டியை இயக்கியவுடன் செய்தி, திரைப்படம், பாடல், சமையல் எனப் பல அலைவரிசைகள் ஓடத் தொடங்குகின்றன. சாம்சங் பெட்டிகளில் இவை 'டிவி பிளஸ்' என்ற பெயரிலும், எல்ஜி பெட்டிகளில் 'எல்ஜி சேனல்ஸ்' என்ற பெயரிலும் தரப்படுகின்றன. சாம்சங் இச்சேவையை இந்தியாவில் தொடங்கியது 2021ஆம் ஆண்டில். வேறு சில நிறுவனங்களும் தத்தம் பெட்டிகளில் இத்தகைய வசதியை அளிக்கின்றன.

இவை இலவசமாகக் கிடைக்கும்போது, மாதந்தோறும் நம் கணக்கிலிருந்து கழிக்கப்படும் சந்தாக்கள் இனித் தேவைதானா என்னும் கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. வரவு செலவுக் கணக்கின் வழியே இதற்கு விடை காண முயல்வோம்.

இலவசம் எவ்வாறு சாத்தியமாகிறது?

இவ்வகை அலைவரிசைகளை ஒளிபரப்புத் துறையினர் 'ஃபாஸ்ட்' என்று குறிப்பிடுவர். விளம்பர வருவாயில் இயங்கும் இலவச இணையத் தொலைக்காட்சி என்பது அதன் பொருள். நிகழ்ச்சிகள் செயற்கைக்கோள் வழியாகவோ கேபிள் வழியாகவோ வருவதில்லை. வீட்டு இணைய இணைப்பின் வழியாகவே வருகின்றன. எனினும் பார்க்கும் முறை பழைய தொலைக்காட்சியைப் போன்றதே. எட்டு மணிக்கு எந்தப் படம் ஓட வேண்டும் என்பதை அலைவரிசை நடத்துபவரே தீர்மானிக்கிறார். பாதியில் வந்து அமர்ந்தால் பாதியிலிருந்துதான் பார்க்க இயலும். விரும்பிய நிகழ்ச்சியை விரும்பிய நேரத்தில் தேர்ந்தெடுக்க உதவும் சந்தாச் செயலிகளுக்கும் இவற்றுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே.

வருவாய் முழுவதும் விளம்பரத்திலிருந்து வருகிறது. ஒரு விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்பட்டால் இவ்வளவு தொகை என்ற கணக்கில் விளம்பரதாரர் பணம் தருகிறார். அத்தொகையை அலைவரிசை உரிமையாளரும் தொலைக்காட்சித் தயாரிப்பாளரும் பகிர்ந்துகொள்வர். அல்லது விளம்பர நேரத்தையே இருவரும் பங்கிட்டுக்கொண்டு தத்தம் பங்கைத் தனித்தனியே விற்பர். எம்முறையாயினும், பெட்டியை விற்ற பின்னரும் தயாரிப்பாளருக்கு வருவாய் தொடர்கிறது. பெட்டியை இயக்கியவுடன் இந்த அலைவரிசைகளே முதலில் கண்ணில் படுமாறு முகப்பு அமைக்கப்பட்டிருப்பதன் காரணமும் இதுதான்.

எவை கிடைக்கும், எவை கிடைக்கா?

விளம்பர வருவாய் மட்டுமே ஆதாரமாக இருப்பதால், பெரும் தொகை கொடுத்து உரிமை வாங்க வேண்டிய நிகழ்ச்சிகள் இங்கு அரிதாகவே இடம்பெறும். புதிதாக வெளியான திரைப்படங்கள், முன்னணிக் கிரிக்கெட் போட்டிகளின் நேரலை, செயலிகளுக்கென்றே தயாரிக்கப்படும் தொடர்கள் ஆகியவற்றை இங்கே எதிர்பார்த்தல் பொருந்தாது. செய்தி, பழைய திரைப்படங்கள், முன்பே ஒளிபரப்பாகி முடிந்த தொடர்கள், பாடல், பக்தி, பயணம், குழந்தைகளுக்கான சித்திரப் படங்கள் ஆகியவையே பெரும்பாலும் கிடைக்கும்.

மேலும் ஒரு வரம்பு உண்டு. அலைவரிசைப் பட்டியல் நிலையானதன்று. தயாரிப்பாளருக்கும் அலைவரிசை உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால், நேற்றுவரை இருந்த அலைவரிசை இன்று இல்லாமற் போகலாம். பணம் கட்டாத பார்வையாளர் அது குறித்து முறையிட வழியில்லை. பெட்டியின் நிறுவனத்துக்கு ஏற்பவும் பட்டியல் மாறுபடும். ஆகவே, உறவினர் வீட்டில் பார்த்த தமிழ் அலைவரிசை நம் பெட்டியிலும் இருக்கும் என்று கருதி டி.டி.எச். இணைப்பைத் துண்டித்துவிடலாகாது.

இலவசத்தின் மூன்று விலைகள்

சந்தாத் தொகை இல்லையென்றாலும், இந்த அலைவரிசைகளுக்கு நாம் மூன்று வகைகளில் விலை தருகிறோம்.

முதலாவது, இணையத் தரவு. உயர்தெளிவுக் காட்சி ஒரு மணி நேரம் ஓடினால், தரத்துக்கேற்ப ஏறத்தாழ 1 முதல் 3 ஜி.பி. வரை தரவு செலவாகும். சராசரியாக 2 ஜி.பி. எனக் கொண்டால், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பார்க்கும் வீட்டில் மாதத்திற்கு 120 ஜி.பி. ஆகிறது. வீட்டில் கம்பிவழி பிராட்பேண்ட் இருந்தால் இது பெரிய சுமையன்று. அத்தகைய திட்டங்கள் பலவற்றின் மாத வரம்பு இதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனால் கைபேசியின் ஹாட்ஸ்பாட் வழியே தொலைக்காட்சியை இணைப்பவருக்கு நிலைமை வேறு. நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் திட்டம் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். அதன்பின் வாங்கும் கூடுதல் தரவின் விலை, சேமித்த சந்தாவை விழுங்கிவிடக்கூடும்.

இரண்டாவது, நேரம். இங்கு விளம்பரத்தைத் தாண்டிச் செல்ல இயலாது. பணம் கட்டி விளம்பரத்தை நீக்கும் வழியும் இல்லை. விளம்பரம் நிகழ்ச்சியோடு வழங்கி நிலையத்திலேயே இணைக்கப்பட்டு ஒரே ஓடையாக வருகிறது. அதனால் ஒரே அலைவரிசையைப் பார்க்கும் இரு வீடுகளுக்கு ஒரே நேரத்தில் வெவ்வேறு விளம்பரங்கள் காட்டப்படலாம். போதிய விளம்பரதாரர் கிடைக்காத வேளையில் ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வரும். அல்லது நிகழ்ச்சி விரைவில் தொடரும் என்ற அட்டை மட்டும் நிற்கும். இது பெட்டியின் பழுதன்று. ஒரு மாலைப் பொழுதில் கடிகாரத்தை வைத்து அளந்து பார்த்தால் உண்மை புலப்படும். மணிக்கு எட்டு நிமிடம் விளம்பரம் என வைத்துக்கொண்டால், மாதம் 60 மணி நேரம் பார்ப்பவர் எட்டு மணி நேரத்தை விளம்பரத்துக்கு அளிக்கிறார்.

மூன்றாவது, நம்மைப் பற்றிய தகவல். திரையில் ஓடுவது எந்த நிகழ்ச்சி என்பதைப் பெட்டியே அடையாளம் கண்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் தொழில்நுட்பம் பல ஸ்மார்ட் தொலைக்காட்சிகளில் உள்ளது. விளம்பரங்களைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்க அது பயன்படுகிறது. அமெரிக்காவில் விசியோ என்னும் தொலைக்காட்சி நிறுவனம், பார்ப்பவரின் இசைவைப் பெறாமலே இவ்வாறு தகவல் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2017ஆம் ஆண்டு 22 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. இவ்வசதியை நாம் நிறுத்தி வைக்க முடியும். சாம்சங் பெட்டியின் அமைப்புகளில் தனியுரிமைப் பிரிவில் Viewing Information Services என்றும், எல்ஜி பெட்டியில் Live Plus என்றும் இது குறிக்கப்பட்டிருக்கும். இதை நிறுத்தினாலும் விளம்பரங்கள் வரும். நம் பார்வைப் பழக்கத்தை ஒட்டி வருவது மட்டும் குறையும்.

சந்தாவிலும் விளம்பரம்

பணம் கட்டினால் விளம்பரமே இராது என்ற பழைய எண்ணமும் இன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் முதல் இந்தியாவில் விளம்பரங்களைச் சேர்த்தது. அவற்றைத் தவிர்க்க விரும்புவோர் கூடுதல் தொகை செலுத்த வேண்டும். வேறு சில செயலிகளின் மலிவான திட்டங்களும் விளம்பரத்துடனேயே வருகின்றன. சில மலிவுத் திட்டங்கள் கைபேசியில் மட்டும் இயங்குபவை. தொலைக்காட்சியில் பார்க்க உதவா. ஆகவே சந்தாவின் விலையோடு, அது எந்தத் திரைக்கு உரியது, விளம்பரம் உண்டா என்ற இரண்டையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். அவர்களிடம் மாதம் ரூ.499 வீதம் ஒரு செயலி, ஆண்டுக்கு ரூ.1,499 வீதம் ஒன்று, மூன்று மாதத்திற்கு ரூ.299 வீதம் ஒன்று, மாதம் ரூ.350 வீதம் டி.டி.எச். ஆகியவை உள்ளன. ஆண்டுச் செலவு முறையே ரூ.5,988, ரூ.1,499, ரூ.1,196, ரூ.4,200. மொத்தம் ரூ.12,883.

அவர்கள் ஒரு மாதம் ஒவ்வொன்றையும் எத்தனை மணி நேரம் பார்த்தனர் எனக் குறித்து வைத்தனர் என்போம். முதல் செயலியை ஆறு மணி நேரமே பார்த்தனர். ஒரு மணி நேரத்திற்கு அடக்க விலை ஏறத்தாழ ரூ.83. இரண்டாவதை 25 மணி நேரம் பார்த்தனர், மணிக்கு ரூ.5. மூன்றாவது, கிரிக்கெட் நடக்கும் பருவத்தில் மட்டும் பயன்படுகிறது. டி.டி.எச். 60 மணி நேரம் ஓடியது, மணிக்கு ரூ.6க்கும் குறைவு. அவற்றுள் பெரும்பகுதி செய்தியும் பழைய பாடல்களும். எஞ்சியது பாட்டி நாள்தோறும் தவறாது பார்க்கும் இரண்டு தொடர்கள்.

செய்தியும் பாடலும் இலவச அலைவரிசைகளில் கிடைத்தன, அத்தொடர்கள் கிடைக்கவில்லை. எனவே டி.டி.எச். இணைப்பு நீடிக்கிறது. முதல் செயலிக்கு ஆண்டு முழுவதும் பணம் கட்டுவதற்கு மாறாக, விரும்பும் தொடர்கள் வரும் இரண்டு மாதங்கள் மட்டும் கட்டினால் ரூ.998 போதும், மிச்சம் ரூ.4,990. மூன்றாவது செயலியை இரண்டு காலாண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் மிச்சம் ரூ.598. ஆக ஆண்டுக்கு ரூ.5,588 சேமிப்பாகிறது.

இக்கணக்கிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இலவச அலைவரிசைகள் சந்தாச் செயலிகளுக்கு நேரான மாற்று அல்ல. சும்மா ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி நேரத்துக்கே அவை மாற்று. அந்த நேரம் அவற்றால் நிரம்பிவிடும்போது, ஆண்டு முழுவதும் தேவைப்படாத சந்தாவை வேண்டிய மாதங்களுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளும் துணிவு வருகிறது.

சந்தாவை நிறுத்தும் முறை

இந்த மிச்சம் கைக்கு வர வேண்டுமாயின், தானியங்கிக் கழிவை முறையாக நிறுத்துவது இன்றியமையாதது. தொலைக்காட்சியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. வங்கிக்கு அளித்த இ-மேண்டேட் அப்படியே தொடரும்.

முதலில் அந்தச் செயலியின் கணக்குப் பகுதிக்குச் சென்று சந்தாவை ரத்து செய்ய வேண்டும். பின்னர், யு.பி.ஐ. வழியே கட்டியிருந்தால், யு.பி.ஐ. செயலியின் ஆட்டோபே பகுதியில் அந்த மேண்டேட்டை ரத்து செய்யலாம். அட்டை வழியே கட்டியிருந்தால், அட்டையை வழங்கிய வங்கியின் இ-மேண்டேட் பக்கத்தில் ரத்து செய்யலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தொகை கழிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தக் கழிவை மட்டுமோ மேண்டேட் முழுவதையுமோ விலக்கிக்கொள்ள அதில் வழி இருக்க வேண்டும். ரூ.15,000 வரையிலான சந்தாக்கள் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்காமலே கழிக்கப்படும் என்பதால், இந்த அறிவிப்புக் குறுஞ்செய்தியை விளம்பரச் செய்தி என எண்ணிப் படிக்காமல் விடக் கூடாது. அட்டையில் இ-மேண்டேட் வசதியைப் பயன்படுத்துவதற்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கப்படுவதில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பெட்டியோடு வரும் இலவச அலைவரிசைகளைப் பார்க்க அட்டை எண்ணோ யு.பி.ஐ. பின் எண்ணோ தேவையே இல்லை. பெட்டியின் முகப்பில் இலவச நிகழ்ச்சிகளும் கட்டண நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்தே அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றைத் தெரிவு செய்தவுடன் கியூ.ஆர். குறியீடு தோன்றி ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் செலுத்தக் கோரினால், அது இலவச அலைவரிசையன்று. சந்தாவின் சோதனைக் காலமாக இருக்கலாம், மோசடியாகவும் இருக்கலாம். யு.பி.ஐ. திரையில் அந்த ஒரு ரூபாய்க்குக் கீழே, அடுத்து எவ்வளவு, எத்தனை மாதத்திற்கு ஒருமுறை, எந்தத் தேதிவரை என்பன குறிக்கப்பட்டிருக்கும். பின் எண்ணை இடுவதற்கு முன் படிக்க வேண்டிய வரி அதுவே.