எந்தக் கணக்கு என்று சொல்லுங்கள்

இரவு எட்டரை மணிக்கு டியூஷன் டீச்சரின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. பாடப்புத்தகத்தின் முழுப் பக்கம். கீழே, "மிஸ், இது புரியலையாம்" என்று ஒரு வரி. பக்கத்தில் ஒன்பது கணக்குகள் இருக்கின்றன. எது என்று கேட்டுப் பதில் வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறது.

அதனால்தான் டீச்சர் பெற்றோர் குழுவில் எழுதினார்: "பெற்றோருக்கு வணக்கம். சந்தேகத்தைப் படமெடுத்து அனுப்பும்போது பயிற்சி எண், கணக்கு எண், உட்பிரிவு மூன்றையும் கீழே எழுதிவிடுங்கள். உதாரணம்: பயிற்சி 3.2, கணக்கு 5, (ii). பிள்ளை போட்டுப் பார்த்த நோட்டுப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நன்றி."

பயிற்சி எண் எதற்கு? ஒவ்வொரு பயிற்சியிலும் கணக்கு எண் 1-இலிருந்து மறுபடி தொடங்குகிறது. 'ஐந்தாவது கணக்கு' என்றால் ஒரே பாடத்தில் பல இருக்கும். பக்கத்தில் போய்ப் படமெடுத்தாலோ, ஓரத்திலுள்ள எண்ணே வெட்டுப்பட்டுவிடும்.

நோட்டுப் பக்கம் அதைவிட முக்கியம் என்பேன். x² − 5x + 6 = 0 என்பதில் இடப்பக்கத்தை ஒரு மாணவி (x + 2)(x + 3) என்று பிரித்திருந்தாள். பெருக்கினால் 6 வருகிறது, சரிதான். கூட்டினால் −5 வரவேண்டும் என்பதை மறந்துவிட்டாள். நோட்டைப் பார்த்த டீச்சர் முழு விடையை எழுதவில்லை. "ரெண்டையும் கூட்டிப் பாரும்மா, குறி சரியா இருக்கா?" என்று மட்டும் அனுப்பினார். சற்று நேரத்தில் x = 2, x = 3 என்று அவளே போட்டு அனுப்பினாள்.