பில்லில் முளைக்கும் பைசா

குழாய் வேலைக்குச் சாமான் வாங்கிய பில் ஒன்று. பிவிசி எல்போ 8.50 ரூபாய், டீ 14.50, கிளாம்ப் 6.50, தள்ளுபடி போக டேப் 12.44. மொத்தம் 41.94 ரூபாய். எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். விற்றதும் வாங்கியதும் தமிழ்நாட்டுக்குள் என்பதால், அது மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என்று இரண்டாகப் பிரியும்.

இந்த பில்லைக் கடைக்காரரின் மென்பொருள் போட்டால் 50 ரூபாய் வருகிறது. வாங்கியவரின் கணக்குப்பிள்ளை அதே சாமான்களைத் தன் கணினியில் ஏற்றினால் 49 ரூபாய். விலையும் அதேதான், வரி விகிதமும் அதேதான். யாரும் தப்பாகக் கூட்டவுமில்லை.

வித்தியாசம், பைசாவை எந்த இடத்தில் முழுமையாக்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. கடைக்காரரின் மென்பொருள் ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனியாக வரி போடுகிறது. எல்போவுக்கு 9 சதவீதம் என்றால் 76.5 பைசா. அரைப் பைசாவைப் பில்லில் அச்சடிக்க முடியாது, ஆகவே 77 ஆக்கிவிடுகிறது. டீக்கு 130.5 பைசா, அது 131 ஆகிறது. கிளாம்புக்கு 58.5 என்பது 59 ஆகிறது. டேப்புக்கு 111.96 பைசா, அதுவும் 112 ஆகிறது. நான்கையும் கூட்டினால் 3.79 ரூபாய். மாநில வரியும் அதே 3.79. மொத்தம் 49.52.

கணக்குப்பிள்ளையின் மென்பொருளோ முதலில் விலைகளைக் கூட்டிவிட்டு, 41.94 ரூபாய்க்கு ஒரே தடவை 9 சதவீதம் பார்க்கிறது. 3.7746 வருகிறது, அதை 3.77 என்று வைத்துக்கொள்கிறது. இரண்டு வரியும் சேர்ந்து 7.54, மொத்தம் 49.48.

ஆக உண்மையான இடைவெளி நாலே பைசாதான். ஆனால் அந்த நாலு பைசா ஐம்பது பைசா என்ற கோட்டின் இரு பக்கமும் விழுந்துவிட்டது. பில் தொகையை ரூபாய்க்கு முழுமையாக்கும்போது ஒன்று மேலே ஏறி 50 ஆகிறது, மற்றது கீழே இறங்கி 49 ஆகிறது.

வரியை இரண்டாகப் பிரிப்பதிலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. எல்போவுக்கு 18 சதவீதம் என்பது சுளையாக 1.53 ரூபாய். இதே எல்போவைப் பெங்களூருக்கு விற்றால் ஒருங்கிணைந்த வரி ஒன்றுதான், அதே 1.53. உள்ளூரில் விற்றால் பாதிப் பாதியாகி 77, 77 என்று 1.54 ஆகிவிடும்.

பல விலைகளில் பல பொருள்கள் உள்ள பில்லில் சில உருப்படிகளுக்குப் பைசா ஏறும், சிலவற்றுக்கு இறங்கும். பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால்தான் சிக்கல். நூறு கிளாம்பை ஒரே உருப்படியாகப் போட்டால் மத்திய வரி 58.50 ரூபாய். நூறு தனி உருப்படிகளாகப் போட்டால் 59 ரூபாய். எல்லாம் ஒரே பக்கம் ஏறுவதால் சரிக்கட்ட எதுவும் இல்லை.

இந்தச் சண்டை ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நெதர்லாந்தின் அஹோல்ட் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம், ஒவ்வொரு பொருளின் வரியையும் கீழ்நோக்கியே முழுமையாக்கிக்கொள்ள உரிமை கேட்டது. கீழ்நோக்கி என்பதைக் கவனிக்க வேண்டும். கோடிக்கணக்கான சில்லறை விற்பனையில் அது நல்ல லாபம். அப்படி ஒரு உரிமை இல்லை என்றும், எந்த முறை என்பதை அந்தந்த நாடே வகுத்துக்கொள்ளலாம் என்றும் 2008இல் தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்புதான்.

இங்கே மின் இன்வாய்ஸ் படிவத்தில் இந்தச் சில்லறைக்கென்றே `RndOffAmt` என்று தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள். கடைகளின் கணக்குப் புத்தகத்திலும் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று ஒரு தலைப்பு இருக்கும்.

வித்தியாசம் வந்தால் அது முழுமையாக்கலால் வந்ததா, நிஜமான பிழையா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய அளவுகோல் உண்டு. ஒரு உருப்படியில் ஒவ்வொரு வரிக்கும் அதிகபட்சம் அரைப் பைசாதான் நகர முடியும். இரண்டு வரிக்கும் சேர்த்து ஒரு பைசா. ஆகவே ரூபாய்க்கு முழுமையாக்கும் முன், பில்லில் எத்தனை உருப்படியோ ஏறத்தாழ அத்தனை பைசாதான் வித்தியாசம் வரலாம். நாலு உருப்படி பில்லில் நாற்பது பைசா உதைத்தால், வரி விகிதமோ தள்ளுபடியோ தவறாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

அளவுக்குள் இருந்தால், வாங்கியவர் தன் மென்பொருள் காட்டும் வரியை விட்டுவிட்டு, விற்றவரின் பில்லில் அச்சான வரியையே பதிய வேண்டும். விற்றவர் தன் கணக்கில் காட்டுவது அந்தத் தொகையைத்தான். வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வந்து நிற்பதும் அதுவே. மொத்தத்தில் மிஞ்சும் சில்லறையை ‘ரவுண்ட் ஆஃப்’ தலைப்பில் போட்டுவிடலாம். வரித் தலைப்பில் மட்டும் போட்டுவிட வேண்டாம்.