திருவிழா விஞ்ஞாபனம்: குறிப்பிலிருந்து இருமொழித் துண்டுப்பிரசுரம் வரை

ஈழத்துச் சைவாலயங்களிலே மகோற்சவம் அணுகுங் காலத்து வெளியிடப்படும் அறிவித்தலை ‘விஞ்ஞாபனம்’ என வழங்குதல் மரபு. பெரியோர்க்குப் பணிந்து தெரிவித்தல் என்பது அச்சொல்லின் பொருள். தலையிலே பிள்ளையார் சுழி, அதன்கீழ் ஆலயப் பெயர், பின்னர் “மெய்யடியார்களே” என்னும் விளி, அதனைத் தொடர்ந்து “நிகழும் மங்களகரமான” எனத் தொடங்கி வருடம், மாதம், நாள், கிழமை, திதி யாவற்றையுந் தழுவிச் செல்லும் ஒரு நெடுவாக்கியம், ஈற்றிலே “இங்ஙனம்” என்னுஞ் சொல்லும் பரிபாலன சபையாரின் பெயரும் என்பனவே அதன் உறுப்புக்கள்.

ஊரவர் மாத்திரமே வாசித்த காலத்தில் இவ்வமைப்புப் போதுமாயிருந்தது. தேர் எந்நாள் என்பதை ஊரவர் தாளைப் பார்த்து அறிவதில்லை. அவர்கள் முன்னரே அறிவர். இந்நாளிலோ ஊரிற் பிறந்தோரின் மக்களும் பேரரும் பிறநாடுகளில் வளர்ந்து, தமிழைப் பேசியும் எழுத்தை வாசிக்க இயலாதவராய், விடுமுறையை எண்ணி விமானச் சீட்டுப் பெற்று வருகின்றனர். அன்னோர்க்காகவே ஆங்கிலமும் சேர்க்கப்படுகின்றது. தமிழ்ப் பகுதி ஒரு நாளையும் ஆங்கிலப் பகுதி வேறொரு நாளையுங் கூறுமாயின், அது தேரைக் காண வந்தவரை வெறுந் தேர்முட்டியைக் காணச் செய்யும். ஆகவே இருமொழி விஞ்ஞாபனத்துக்கு உயிராயுள்ளது அதன் நிகழ்ச்சி அட்டவணையே.

செய்முறையை விளக்க ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். சித்திரைப் பூரணையிலே தீர்த்தம் நிகழும் ஓர் அம்மன் கோயில், பத்து நாள் மகோற்சவம், ஆண்டு 2025. சபையின் காரியதரிசி அச்சகத்துக்குக் கொடுக்கும் குறிப்பு இவ்வாறு இருக்கலாம்:

“கொடி 2 வெள்ளி பகல் 11. பத்து நாள். மற்ற நாள் காலை 10, இரவு 7 பூசை. வேட்டை 7ஆந் திருவிழா பின்னேரம் 5. சப்பறம் சனி இரவு 10. தேர் ஞாயிறு காலை, 5 அபிஷேகம், 7 வசந்தமண்டபம், 9 தேர். தீர்த்தம் 12 காலை 9, கொடியிறக்கம் மாலை 6. பூங்காவனம் 13 இரவு, சுவாமி வெளிவீதி 12.30. வைரவர் 14.”

இக்குறிப்பை அப்படியே அச்சுக் கோத்தல் தகாது. முதற்கண் ஈற்றிலிருந்து எண்ணல் வேண்டும். தீர்த்தம் திதியைப் பற்றி நிற்பது. ஆதலின் அது நிலையான புள்ளி. 2025 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆந் திகதி திங்கட்கிழமை இலங்கையில் வெசாக் பூரணை தினமாயிருந்தது. அரசாங்க நாட்காட்டியே இதற்குச் சான்று. திதி இரு நாட்களைத் தொட்டு நிற்குங் காலங்களிற் பூரணை விடுமுறையும் ஆலயத் தீர்த்தமும் ஒரு நாள் வேறுபடலாம். யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்களும் வழங்குவதால், ஆலயம் எதனைக் கைக்கொள்கின்றது என்பதைக் குருக்களிடமே கேட்டறிதல் வேண்டும். நாட்காட்டி ஐயத்தை எழுப்புதற்கு உதவுமேயன்றி முடிவு கூறுதற்கன்று.

தீர்த்தம் 12 ஆயின், பத்தாம் நாள் அதுவே. பின்னோக்கி எண்ணினால் ஒன்பதாம் நாளாகிய தேர் 11 ஞாயிறு. எட்டாம் நாளாகிய சப்பறம் 10 சனி. ஏழாம் நாளாகிய வேட்டை 9 வெள்ளி. முதல் நாள் 3 சனி. குறிப்போ கொடியேற்றத்தை 2 என்கின்றது. 2 முதல் 12 வரை இரு முனைகளையுஞ் சேர்த்தெண்ணின் பதினொரு நாளாகும். பன்னிரண்டிலிருந்து பத்தைக் கழித்தமையாலேயே இப்பிழை நேர்ந்தது. இத்தகைய குறிப்புக்களில் அடிக்கடி காணப்படும் பிழை இது. கிழமையைப் பார்த்து இதனைக் கண்டுபிடித்தல் இயலாது. ஏனெனில் மே 2 உண்மையிலே வெள்ளிக்கிழமையே. நாளை எண்ணுவதனாலேயே இது வெளிப்படும். பஞ்சாங்க வழக்கும் இங்குத் துணைநிற்கின்றது. வெள்ளிக்கிழமை இராகுகாலம் பொதுக்கணக்கின்படி முற்பகல் 10.30 முதல் 12.00 வரை. பகல் 11.00 மணிக்கு எக்குருக்களும் அன்று கொடியேற்ற நேரம் குறித்திரார். சனிக்கிழமையோ இராகுகாலம் 9.00 முதல் 10.30 வரை, 11.00 மணி அதற்குப் புறம்பானது. நேரஞ் சரி, திகதியே பிழை என்பது இதனாற் புலனாகும்.

அடுத்த இடர் பூங்காவனத்து இரவிலே உள்ளது. நம்மவர் வழக்கில் ஒரு நாள் சூரியோதயம் முதல் மறு சூரியோதயம் வரையாம். எனவே செவ்வாய் இரவு 12.30 என்பது செவ்வாயைச் சேர்ந்ததே. ஆங்கிலக் கணக்கில் நாள் நள்ளிரவிலே மாறுகின்றது. அந்நேரம் புதன்கிழமை, 14 ஆந் திகதி. “13 ஆந் திகதி, முற்பகல் 12.30” என ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டால், அதனை நம்பியவர் திங்கள் இரவு விழித்திருந்து வெறும் வீதியைக் காண்பர். இதற்குத் தீர்வு அடிக்குறிப்பே. அட்டவணையில் 13 எனப் போட்டு, “செவ்வாய் நள்ளிரவின் பின், விடிந்தாற் புதன்” என இரு மொழியிலுந் தெளிவுபடுத்தல் வேண்டும்.

இனி எஞ்சியன குருக்களிடங் கேட்கவேண்டிய வினாக்கள். “9 தேர்” என்பது அம்பாள் தேரில் எழுந்தருளும் நேரமா, வடம் பிடிக்கும் நேரமா? வைரவர் மடை எத்தனை மணிக்கு? எழுந்தருளல் 9.00, வடம் பிடித்தல் 9.30, வைரவர் மடை மாலை 6.00 என விடை கிடைத்ததாகக் கொள்வோம். அபிஷேகம், வசந்தமண்டபப் பூசை, எழுந்தருளல், வடம் பிடித்தல் என நான்கு நேரமுடைய நாளுக்கு ஒரு நேரத்தை மாத்திரம் அச்சிட்டால், வாசிப்பவர் அதனையே தேரோடும் நேரமெனக் கொள்வர்.

குறிப்புத் தூய்மையான பின்னரே தாளமைப்பைக் கருதல் வேண்டும். அட்டவணையை இரு மொழியில் இரு முறை தனித்தனி அச்சிடுதலே பெருவழக்கு. பெரும்பாலான முரண்பாடுகளும் அதனாலேயே விளைகின்றன. கடைசி நேரத்தில் ஒரு நேரம் மாறும்போது தமிழ்ப்பக்கந் திருத்தப்படும், ஆங்கிலப்பக்கம் மறக்கப்படும். ஆகையால் எண்கள் ஒரே முறைதான் அச்சிடப்படல் வேண்டும். திகதியும் நேரமும் தாளின் நடுநிரலில் நிற்க, இடப்புறம் தமிழிலும் வலப்புறம் ஆங்கிலத்திலும் நிகழ்ச்சியின் பெயரும் கிழமையும் வரும். எண் இரு மொழியார்க்கும் பொது. அதனைத் திருத்தினால் இருபுறமும் ஒருங்கே திருந்தும்.

மாதத்தைத் தலைப்பிலே எழுத்தாற் பொறித்து, நடுநிரலில் நாளின் எண்ணை மாத்திரம் இடுதல் நன்று. ‘03.05.2025’ என்பதை இலங்கையர் மே 3 என வாசிப்பர். அமெரிக்காவில் வளர்ந்தவர் மார்ச்சு 5 என வாசிப்பர். இடப்புறமும் நடுநிரலுஞ் சேர்ந்து பின்வருமாறு அமையும்:

மே 2025 (விசுவாவசு வருடம், சித்திரை 20 முதல்)

கொடியேற்றம், சனி — 3 — காலை 11.00, இரவு 7.00
2 முதல் 6 வரையுள்ள திருவிழாக்கள், ஞாயிறு முதல் வியாழன் வரை — 4 முதல் 8 — காலை 10.00, இரவு 7.00
வேட்டை, வெள்ளி — 9 — காலை 10.00, மாலை 5.00
சப்பறம், சனி — 10 — காலை 10.00, இரவு 10.00
தேர், ஞாயிறு — 11 — காலை: அபிஷேகம் 5.00, வசந்தமண்டபப் பூசை 7.00, எழுந்தருளல் 9.00, வடம் பிடித்தல் 9.30
தீர்த்தம், திங்கள் — 12 — காலை 9.00, கொடியிறக்கம் மாலை 6.00
பூங்காவனம், செவ்வாய் — 13 — வெளிவீதி இரவு 12.30 (செவ்வாய் நள்ளிரவின் பின், விடிந்தாற் புதன்)
வைரவர் மடை, புதன் — 14 — மாலை 6.00

வலப்புறத்து ஆங்கில நிரல் இதே எட்டு வரிகளை இதே ஒழுங்கிற் கொண்டிருக்கும். நேரம் ஒத்த ஐந்து நாட்களை ஒரு வரியில் அடக்கியமையாலேயே அட்டவணை ஏ5 தாளின் ஒரு பக்கத்தில், அகலம் 148 மில்லிமீற்றருக்குள், நெருக்கமின்றி அமைகின்றது. இங்கே உபயகாரர் முறையிடுதல் கூடும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தார்க்கு உரியது. தத்தம் பெயர் தத்தம் நாளுக்கு நேரே வருதல் வேண்டுமென அவர்கள் விரும்புவது நியாயமே. அப்பெயர்களை அட்டவணைக்குட் புகுத்தினால் நேரம் மறைந்துபோம். பின்பக்கத்தில் நாள்வாரியாக உபயகாரர் நிரலை முழுமையாக அச்சிடுதலே இருவர்க்கும் நீதியாம்.

ஆங்கிலப் பகுதி தமிழின் நிழலாயிருத்தல் வேண்டா. “நிகழும் மங்களகரமான” என்னும் நெடுவாக்கியம் தமிழுக்கு அழகு. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அழகும் இன்றாம், பொருளும் இன்றாம். “மெய்யடியார்களே” என்பதை ‘உண்மையான அடியார்’ எனப் பெயர்ப்பின், பொய்யடியாரும் உளர்போலும் என்னும் நகைப்பே எஞ்சும். ஆலயப் பெயர், ஊர், பத்து நாள் மகோற்சவம், தொடங்கும் நாள், முடியும் நாள் என்னும் இவ்வளவே ஆங்கில முகவுரைக்குப் போதும். கொடியேற்றம், சப்பறம் முதலியவற்றின் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்திற் பெயர்த்து, அருகே மூன்று நான்கு சொல்லிற் பொருள் கூறல் வேண்டும். வீதியில் அடியார் வாயிற் கேட்கும் பெயர் அதுவேயாதலின். தேர்த்திருவிழாவை ‘கார்’ விழா எனப் பழைய ஆங்கில நூல்கள் எழுதின; இன்றைய பிள்ளைக்கு அச்சொல் மோட்டார் வண்டியையே குறிக்கும். ‘சாரியட்’ என்பதே தக்கது.

அச்சகத்தில் ஓர் இறுதி இடர் உண்டு. நம் அச்சகங்களில் நெடுங்காலம் வழங்கிய ‘பாமினி’ எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை ஏற்றியது, ‘தமிழ்’ என்பது அதில் jkpo; என்று தட்டப்படும். ஆங்கில வரியொன்று தவறி அவ்வெழுத்துருவில் நின்றுவிட்டாற் பொருளற்ற தமிழெழுத்துக்களாக மாறும். ஆங்கிலக் காற்புள்ளி ‘இ’ ஆகிவிடும். சொல்லுக்கு நடுவே தனித்த ‘இ’ ஒன்று தோன்றுமாயின் பிழை இதுவே என உடனே அறியலாம். யூனிக்கோட்டில் எழுதிய தமிழை அதே எழுத்துருவிற்கு மாற்றாது ஒட்டினாலும் எழுத்துக்கள் சிதையும். ஆதலின் ஒப்புநோக்குதல் கணினித் திரையிலன்றி அச்சிட்ட மாதிரித் தாளிலே நடைபெறல் வேண்டும்.

ஒப்புநோக்க இருவர் வேண்டும். ஒருவர் தமிழ் நிரலை உரக்க வாசிக்க, மற்றவர் ஆங்கில நிரலில் விரல் வைத்துத் தொடர்வார். கிழமை இருபுறமும் ஒத்ததா என்பதை முதலிற் பார்ப்பர். பின்னர் முதல் நாளிலிருந்து விரல் மடித்துப் பத்தாம் விரல் தீர்த்தத்தில் முடிகின்றதா என்று எண்ணுவர். அவ்வாறு முடிந்த தாளிலே குருக்களின் கையொப்பத்தைப் பெற்ற பின்னரே அச்சேற்றுதல் முறை.