கொடைவிழாக் கள ஆய்வு நல்கையில் செலவுத்திட்ட விளக்கம்

நல்கை விண்ணப்பங்களில் எழுத்தாக்கச் செலவு பெரும்பாலும் ஒரே மொத்தத் தொகையாகக் குறிக்கப்படுகிறது. அத்தொகை எவ்வாறு வந்தது என்பது தெரியாதபோது மதிப்பீட்டுக் குழு அதனை எளிதில் குறைத்துவிடுகிறது. விளைவாக, ஒலிப்பதிவு முடிந்தும் பனுவல் உருவாவதில்லை. பயணம், எழுத்தாக்கம், மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே கணக்காக இணைத்து எழுதும் முறையைத் தென்மாவட்டக் கொடைவிழா வில்லுப்பாட்டுப் பதிவைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கீழ்வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்டவை.

பயணம்

கொடை நாளை ஊரார் கூடி முடிவு செய்கின்றனர். நாள் உறுதியாகிக் கால்நாட்டு நடைபெற்ற பின் சில நாட்களே எஞ்சுவதால், தொடர்வண்டியில் முன்கூட்டியே இடம் பெற இயலாது. எனவே தட்கல் கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டு, அதற்கான காரணத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். ஊராரின் இசைவு பெறுதல், விழாப் பதிவு, பாட்டைப் புலவருடன் சரிபார்த்தல் என மூன்று பயணங்கள் தேவை. மூன்றாம் பயணத்தின் தேவை எழுத்தாக்கக் கணக்கிலிருந்தே பிறக்கிறது.

எழுத்தாக்கம்

வில்லுப்பாட்டில் புலவர் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுகின்றனர். சாமியாட்டத்தின்போது மேள ஒலியும் சேர்வதால் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. ஆதலால் ஆய்வாளர் தம்மிடமுள்ள பதிவொன்றில் 10 நிமிடப் பகுதியை எழுதிப் பார்த்து நேரத்தைக் கணித்தல் நன்று. அப்பகுதி 80 நிமிடம் எடுத்தால், ஒரு மணிநேரப் பாட்டுக்கு 8 மணிநேர உழைப்பு வேண்டும். 12 மணிநேரப் பதிவுக்கு 96 மணிநேரமும், புலவருடன் சரிபார்க்க 24 மணிநேரமும் ஆகும். மணிக்கு 200 ரூபாய் எனில் மொத்தம் 24,000 ரூபாய். நாளுக்கு 6 மணிநேரம் எனக் கொண்டால் சரிபார்ப்புக்கு நான்கு நாட்கள் தேவை. மூன்றாம் பயணத்தின் தங்கும் நாட்களும் நான்காகவே இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் முரண்படின் கணக்கில் பிழையுள்ளது எனலாம்.

மொழிபெயர்ப்பு

எழுத்தாக்கத்தில் மீள்பாடும் அடிகள் அனைத்தும் இடம்பெறும். மொழிபெயர்ப்பில் அவற்றை ஒருமுறை எண்ணினால் போதும். 10 நிமிடப் பாட்டில் 500 சொற்கள் இருந்து, மீள்வன நீங்க 300 எஞ்சினால், தேர்ந்தெடுத்த இரண்டு மணிநேரப் பகுதிக்கு 3,600 சொற்கள் ஆகும். சொல்லுக்கு 4 ரூபாய் எனில் 14,400 ரூபாய். முழுப் பதிவையும் மொழிபெயர்க்காமைக்கான காரணத்தையும், பகுதியைத் தேர்ந்த அடிப்படையையும் ஓரிரு தொடர்களில் கூறுதல் வேண்டும்.

இவ்வாறு எழுதப்பட்ட விளக்கத்தில் தொகைக் குறைப்பின் விளைவும் வெளிப்படையாகிறது. எழுத்தாக்கச் செலவு 12,000 ரூபாயாகக் குறைக்கப்படின், பதிவான 12 மணிநேரத்தில் 6 மணிநேரமே பனுவலாகும். எஞ்சிய பாட்டு ஒலிப்பதிவாகவே நின்றுவிடும் என்பதை விண்ணப்பத்திலேயே கூறிவிடின், குழு எதனை இழக்க ஒப்புகிறது என்பதை அறிந்தே முடிவெடுக்கும்.