முதல் சுற்றோடு கிளம்புகிறவர்கள்

டோக்கியோவில் ஷிம்பாஷி ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகளில் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நடந்துபோனால் ஜப்பானிய அலுவலக வாழ்க்கையின் மறுபாதியைப் பார்த்துவிடலாம். சிவப்புக் காகித விளக்கு தொங்கும் இஸகாயா மதுக்கூடங்களுக்குள் கோட்டு போட்டவர்கள் பத்துப் பேர், இருபது பேராக நுழைந்துகொண்டிருப்பார்கள். இவர்கள் நண்பர்கள் கூட்டமில்லை. ஒரே பிரிவில் வேலை பார்ப்பவர்கள். பகல் முழுக்கப் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையிலும் சேர்ந்தே வருகிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு நோமிகாய் என்று பெயர்.

உள்ளே போகிறவர்களில் எத்தனை பேர் விரும்பிப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஜப்பானியர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு மதுவைச் செரிக்கும் நொதி ஒன்று பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. அரை கிளாஸ் பீரில் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்ட நாட்டில்தான் குடியைச் சுற்றி அலுவலக உறவைக் கட்டி வைத்திருக்கிறார்கள். காரணம், அலுவலகத்தில் வாய் திறக்க முடியாது. மேலதிகாரி சொன்னதை மறுத்துப் பேசுவது மரியாதையில்லை. ஆனால் கிளாஸ் கைக்கு வந்ததும் ‘புரெய்கோ’ என்று ஓர் அறிவிப்பு வரும். இன்றைக்குப் பெரியவர் சின்னவர் இல்லை, மனதில் இருப்பதைப் பேசலாம் என்று பொருள். (அதை அப்படியே நம்பி மேலாளரின் குறைகளை அடுக்கியவர்கள் திங்கட்கிழமை வருந்தியிருக்கிறார்கள்.) அடுத்த திட்டத்தில் யாரைப் போடுவது, யாருக்கு இடமாற்றம் என்ற பேச்சுகூட அந்த மேசையில் கசியும். எனவே வராதவர் இழப்பது வெறும் பீரை அல்ல.

இந்த வற்புறுத்தல் முன்பைவிடத் தளர்ந்திருக்கிறது. 2019 டிசம்பரில், அலுவலகத்தின் ஆண்டு இறுதி விருந்தான போனென்காய்க்குப் போகாமல் நழுவுவதற்கென்றே ஒரு புதுச்சொல் சமூக வலைத்தளங்களில் பரவியது. “இந்தப் பார்ட்டிக்கு ஓவர்டைம் உண்டா?” என்று இளம் ஊழியர் கேட்பதாக ஒரு நகைச்சுவையும் உலவுகிறது. பணியிடத்தில் அதிகாரத்தைப் பயன்படுத்தித் துன்புறுத்துவதைத் தடுக்கும் கடமை 2020 ஜூனில் பெரிய நிறுவனங்களுக்கும், 2022 ஏப்ரலில் சிறு நிறுவனங்களுக்கும் சட்டப்படி வந்தது. ‘குடி’ என்று கட்டாயப்படுத்துவதற்கு ‘அருஹரா’ என்று தனிப் பெயரே இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி விருந்தை மறுக்கிறவர் யாருமில்லை. காட்டினால் வேலை நடக்கும், உறவு நடக்காது. நடைமுறையில் உதவுவது வேறொன்று: இந்த மாலைகள் எப்படி ஏற்பாடாகின்றன என்று தெரிந்துகொள்வது.

ஒவ்வொரு நோமிகாய்க்கும் ‘கன்ஜி’ என்று ஒரு பொறுப்பாளர் உண்டு. பெரும்பாலும் பிரிவிலேயே இளையவர் தலையில்தான் அது விழும். இடம் பிடிப்பது, எண்ணிக்கை சொல்வது, பணம் வசூலிப்பது எல்லாம் அவர் வேலை. தலைக்கு 4,000 யென், இரண்டு மணி நேரம், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற மாதிரி ஒரு தொகுப்பை முன்பதிவு செய்வார். கடைசி நேரத்தில் ஒருவர் வராவிட்டாலும் கடைக்காரர் அந்தத் தலைக்கும் காசு கேட்கலாம். இது புரிந்துவிட்டால் ஜப்பானில் மறுப்பு எங்கே புண்படுத்துகிறது என்பதும் புரிந்துவிடும். ‘வரவில்லை’ என்பது புண்படுத்துவதில்லை. தாமதமாகச் சொல்வதும், தெளிவில்லாமல் சொல்வதும்தான் புண்படுத்துகின்றன. “முடிந்தால் வருகிறேன்” என்ற பதில் நம்மூரில் பண்பான நழுவல். அங்கேயும் எல்லோரும் அதை ‘வரமாட்டேன்’ என்றே படிக்கிறார்கள். ஆனால் கன்ஜிக்கு நாற்காலி போடுவதா வேண்டாமா என்று தெரியாது. அவர் அதிகம் வெறுக்கும் வாக்கியம் அதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருச்சியிலிருந்து டோக்கியோ போன மென்பொருள் பொறியாளர் ஒருவர். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் நிஷி-கசாய் பகுதியில் வீடு. குடிப்பதில்லை, சைவம், வீட்டில் கைக்குழந்தை. டிசம்பரில் அவருக்கு மூன்று அழைப்பு. ஒன்று, பிரிவின் போனென்காய். இரண்டு, இரண்டு வருடம் கூடவே வேலை பார்த்த சக ஊழியரின் பிரிவுபசார விருந்து. மூன்று, வியாழக்கிழமை மாலை லிஃப்ட் அருகே மேலாளர் சாதாரணமாகக் கேட்டது: “ஒரு கிளாஸ் போட்டுட்டுப் போகலாமா?”

மூன்றும் ஒன்றல்ல. வழியனுப்பும் விருந்துக்குப் போகாமல் இருந்தால் அது போகிறவரைப் பற்றிய தீர்ப்பாகப் படும். நம்மை வரவேற்கவே நடத்தும் விருந்தும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் போய்விடுவது நல்லது. போனென்காய் நடுவில் நிற்கிறது. வியாழக்கிழமை அழைப்பை மறுத்தால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. நம்மவர்கள் பலர் தலைகீழாகச் செய்வதுதான் சிக்கல். மேலாளர் நேரில் கேட்டதால் வியாழக்கிழமை போய்விட்டு, களைப்பில் பிரிவுபசாரத்துக்கு மட்டம் போடுவார்கள்.

வியாழக்கிழமைக்கு என்ன பதில் சொல்வது? “அடடா, இன்னைக்குக் கொஞ்சம்...” என்று இழுத்து, தலையை லேசாகத் தாழ்த்தி நிறுத்திவிட்டால் போதும். வாக்கியத்தை முடிக்கத் தேவையில்லை. ஜப்பானிய மேலாளர் அதை முடித்துக்கொள்வார். பத்து நாள் கழித்து “மதியச் சாப்பாட்டுக்குச் சேர்ந்து போகலாமா?” என்று இவரே கேட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும். முதலில் அழைத்தவர் என்ற பெயரும் இவருக்கு வந்துவிடும்.

எழுதி அனுப்பும் அழைப்பாக இருந்தால் வந்த அன்றோ மறுநாளோ பதில் போக வேண்டும். மூன்று வரி போதும்: “அழைத்ததற்கு நன்றி. அன்று முன்பே ஒப்புக்கொண்ட ஒன்று இருப்பதால் வர இயலவில்லை, மன்னிக்கவும். அடுத்த முறையும் அழையுங்கள்.” ‘முன்பே ஒப்புக்கொண்டது’ என்றால் என்னவென்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்பது நாகரிகமில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவதும் ஒப்புக்கொண்ட வேலைதானே. காரணத்தை விரித்துச் சொல்லப் போனால்தான் வம்பு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் ஐந்து பேர் விசாரிப்பார்கள். விரதம் என்று சொன்னவர் அடுத்த வாரம் கோழி வறுவல் சாப்பிடுவதை யாராவது பார்ப்பார்கள். விரிவான காரணம் பேரத்துக்கும் இடம் கொடுக்கும்: “அப்படின்னா எட்டு மணிக்கு வாங்களேன்.”

போனென்காய்க்கு நம்மவர் போகத் தீர்மானிக்கிறார், ஆனால் முதல் சுற்றுக்கு மட்டும். இதற்கான கதவு அந்த விருந்திலேயே இருக்கிறது. இரண்டு மணி நேரம் முடிந்ததும் யாராவது எழுந்து நன்றி சொல்வார். எல்லோரும் ஒரே நேரத்தில் கைதட்டுவார்கள். சட்டப்படி விருந்து அங்கே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு வேறு கடையில் இரண்டாம் சுற்று, பிறகு கரோக்கே, கடைசியாக நள்ளிரவு ராமென் எல்லாம் விருப்பப்பட்டவர்களுக்கு. கைதட்டலுக்கும் அடுத்த கடைக்கும் நடுவே தெருவில் பத்து நிமிடம் கூட்டம் கலைந்து நிற்கும். மேலாளரிடமும் கன்ஜியிடமும் மட்டும் “முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்கவும்” என்று சொல்லிவிட்டு அந்த இடைவெளியில் நடையைக் கட்ட வேண்டும். எல்லோரிடமும் போய் விடைபெற்றால் யாராவது ஒருவர் கையைப் பிடித்து இழுப்பது உறுதி.

மேசையில் உட்காரும் இடமும் முக்கியம். வாசலிலிருந்து தூரத்தில் இருப்பது மூத்தவர்களுக்கு, வாசலை ஒட்டியது இளையவர்களுக்கு என்பது அங்கே பழைய வழக்கம். இளையவர் வாசலருகே உட்கார்ந்தால் பணிவு, எழுந்து போகவும் வசதி.

குடிக்காதவர் அதை முன்பதிவின்போதே கன்ஜியிடம் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்ததும் “முதலில் எல்லோருக்கும் பீர்!” என்று குரல் போகும், சீக்கிரம் கிளாஸ் வந்தால்தான் வாழ்த்தி ஆரம்பிக்க முடியும். அந்த நொடியில் ஒருவர் தனியாக “எனக்கு வேண்டாம்” என்றால் இருபது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். முன்பே சொல்லியிருந்தால் பீரோடு பீராக ஊலாங் தேநீர் ஒரு கிளாஸ் வந்துவிடும். பழுப்பு நிறத்தில் ஐஸ் போட்ட அதற்கும் விஸ்கிக்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. மூத்தவர் கிளாஸைவிட நம் கிளாஸைச் சற்றுத் தாழ்த்தி மோதினால் சடங்கு முடிந்தது. ஒருவர் கிளாஸை இன்னொருவர் நிரப்புவதுதான் அங்கே மரியாதை, காலிக் கிளாஸ் என்பது ஊற்றச் சொல்லும் அழைப்பு. ஆகவே தன் கிளாஸை நிரம்பியே வைத்துக்கொண்டு, பாட்டிலை எடுத்து இரண்டு கையாலும் மற்றவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருப்பவரை யாரும் வற்புறுத்துவதில்லை.

அப்படியும் யாராவது வற்புறுத்தினால் எடுபடும் காரணங்கள் இரண்டு. ஒன்று உடல்வாகு. “குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது” என்றால் சட்டென்று புரிந்துகொள்வார்கள், ஏனெனில் பத்தில் நான்கு பேர் கதையே அதுதான். இரண்டாவது கார். 2007-இல் கடுமையாக்கப்பட்ட போக்குவரத்துச் சட்டப்படி, வண்டி ஓட்டப்போகிறவர் என்று தெரிந்தே மது கொடுத்தவருக்கும், அந்த வண்டியில் ஏறிய சக பயணிக்கும்கூடத் தண்டனை உண்டு. காரில் வந்தவர் கிளாஸில் ஊற்ற எந்த மேலாளருக்கும் கை வராது. ரயிலில் தினமும் கூட வருகிறவர்களிடம் மட்டும் இதைச் சொல்லக்கூடாது.

சைவருக்கு ஒரு கூடுதல் தொல்லை. டோஃபுவின் மேலேயே உலர்ந்த மீன் சீவலைத் தூவிவிடுவார்கள், சூப்பும் குழம்பும் மீன் சாற்றில் கொதித்தவை. அவித்த சோயா மொச்சையும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்று 4,000 யென் கட்டுவது வலிக்கத்தான் செய்யும். செலவைத் தலைக்குச் சமமாகப் பங்கிடுவதுதான் பெருவழக்கம். சில கன்ஜிகள் குடிக்காதவருக்கு ஐந்நூறோ ஆயிரமோ குறைத்து வாங்குகிறார்கள். அதைக் கேட்டு வாங்குவது அழகில்லை. அடுத்த முறை கன்ஜி பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வது இன்னொரு வழி. கடையைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. டோக்கியோவில் இந்திய உணவகங்களுக்குப் பஞ்சமில்லை, மதிய விருந்தாக வைத்துவிட்டால் இரண்டாம் சுற்று என்ற பேச்சே எழாது.